ஒரே சுற்று, நான்கு வாரங்கள்: மின்சுற்றுத் தேர்வுக்கான திருப்புதல் திட்டம்

பாலிடெக்னிக்கில் மின்னியல் பட்டயப் படிப்பு மாணவர்கள் எழுதும் தாள்களில் மின்சுற்றுப் பகுப்பாய்வு கணக்கு மிகுந்த தாள். பேட்டரி, மின்தடை, சுருள், மின்தேக்கி ஆகியவற்றை இணைத்து ஒரு படம் கொடுக்கப்படும். அதில் எங்கே எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது, எங்கே எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது, எவ்வளவு திறன் செலவாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்விகள் பல வடிவங்களில் வந்தாலும் தேடப்படுபவை இந்த மூன்றுதான்.

இந்தப் பாடத்தில் ஒவ்வொரு தலைப்பும் அதற்கு முந்தைய தலைப்பைக் கருவியாகப் பயன்படுத்துகிறது. தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் தடுமாறினால் தெவனின் தேற்றம் வராது. நேர்திசைச் சுற்றில் கிர்க்காஃப் விதியின் குறிகள் குழம்பினால் மாறுதிசைச் சுற்றில் அந்தக் குழப்பம் பெருகும். ஒருமுனைச் சுற்று கைவராதவருக்கு மும்முனைச் சுற்று வெறும் சூத்திரப் பட்டியலாகவே நிற்கும். அதனால் எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசையை இங்கே மாற்ற முடியாது. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அதை நான்கு வாரங்களாகப் பிரித்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் முழுப் பாடத்தையும் ஒரு முறை திருப்பிவிடலாம். முதல் மூன்று வாரங்களிலும் ஆறு நாள் பயிற்சி, ஏழாம் நாள் புத்தகத்தை மூடிவைத்து எழுதும் சோதனை. நான்காம் வாரம் நான்கு நாள் பயிற்சியும் மூன்று நாள் முழுத் தேர்வும்.

திட்டத்துக்கு இன்னொரு முறையும் சேர்கிறது. தினமும் புதுப்புதுக் கணக்குகளைத் தேடாமல், ஒரே சுற்றை வெவ்வேறு வழிகளில் தீர்ப்பது. எந்த வழியில் போனாலும் விடை ஒன்றாகத்தான் வர வேண்டும் என்பதால், பிழை எங்கே நுழைந்தது என்பதை மாணவரே கண்டுபிடித்துவிடலாம். அப்படிப்பட்ட ஒரு சுற்று முதல் இரண்டு வாரங்களுக்கு இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இடப்பக்கம் 30 வோல்ட் பேட்டரி, அதனுடன் தொடராக 6 ஓம். வலப்பக்கம் 15 வோல்ட் பேட்டரி, அதனுடன் தொடராக 3 ஓம். இரண்டின் நேர்முனைப் பக்கமும் மேலே ஒரு புள்ளியில் சேர்கின்றன. எதிர்முனைகள் கீழே சேர்கின்றன. அந்த மேல் புள்ளிக்கும் கீழ்க்கம்பிக்கும் நடுவில் 3 ஓம் சுமை. சுமை வழியே ஓடும் மின்னோட்டம் எவ்வளவு என்பதே கேள்வி.

முதல் வாரம்: அடிப்படை விதிகள்

முதல் இரண்டு நாள்கள் ஓம் விதிக்கும், தொடர், பக்க இணைப்புகளுக்கும். V = IR என்பது எல்லாருக்கும் தெரியும்; தடுமாற்றம் வருவது மின்னோட்டம் பிரியும் இடத்தில். பக்க இணைப்பில் இருக்கும் இரண்டு தடைகளில் சிறியதன் வழியேதான் அதிக மின்னோட்டம் போகும். ஆகவே ஒரு கிளையின் பங்கைக் காண, எதிர்க்கிளையின் தடையை மேலே வைத்து இரு தடைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவசரத்தில் தன் கிளையின் தடையையே மேலே வைத்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

இதற்கு மேற்சொன்ன சுற்றிலிருந்தே இரண்டு சிறு கணக்குகளை எடுக்கலாம். முதலாவதில் 15 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறும் கம்பியால் இணைக்க வேண்டும். இப்போது இரண்டு 3 ஓம் தடைகள் பக்க இணைப்பில் நின்று 1.5 ஓம் ஆகின்றன. 6 ஓமுடன் சேர்த்து மொத்தம் 7.5 ஓம். 30 வோல்ட்டை 7.5 ஆல் வகுத்தால் 4 ஆம்பியர். இரண்டு கிளைகளும் சமம் என்பதால் சுமைக்கு 2 ஆம்பியர். இரண்டாவதில் 30 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டுக் கம்பியால் இணைக்க வேண்டும். 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் 2 ஓம். வலப்பக்க 3 ஓமுடன் சேர்ந்து 5 ஓம். 15 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர். அதில் 3 ஓம் சுமையின் பங்கு 3 × 6 / 9, அதாவது 2 ஆம்பியர். மீதி 1 ஆம்பியர் 6 ஓம் வழியே போகிறது. இந்த இரு விடைகளும் அடுத்த வாரம் மீண்டும் தேவைப்படும்.

மூன்றாம், நான்காம் நாள்கள் கிர்க்காஃப் விதிகளுக்கு. ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் கிர்க்காஃப் 1845இல், மாணவராக இருந்தபோதே தந்த விதிகள் இவை. ஒரு சந்திப்புக்குள் வரும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம் என்பது முதல் விதி. ஒரு மூடிய வளையத்தைச் சுற்றி வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை சுழி என்பது இரண்டாவது. விதிகள் எளியவை, மதிப்பெண் போவது கூட்டல், கழித்தல் குறிகளில். தடையின் வழியே மின்னோட்டத்தின் திசையிலேயே நடந்தால் மின்னழுத்தம் இறங்கும். பேட்டரியின் எதிர்முனையில் நுழைந்து நேர்முனையில் வெளியேறினால் ஏறும். இந்த இரண்டு வாக்கியங்களைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டு பத்து வளையங்களுக்காவது சமன்பாடு எழுதிப் பழக வேண்டும். தீர்க்க வேண்டியதில்லை, சமன்பாடு சரியாக அமைந்தால் போதும்.

ஐந்தாம், ஆறாம் நாள்களில் அந்த விதிகளை முறைப்படுத்தும் இரண்டு வழிகள் வருகின்றன. வளையங்களை வைத்துத் தீர்ப்பது மெஷ் முறை. சந்திப்புகளை வைத்துத் தீர்ப்பது நோடு முறை. மெஷ் முறையில் இரு வளையங்களிலும் கடிகார திசையில் I1, I2 என மின்னோட்டம் ஓடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள சுமை இரண்டு வளையங்களுக்கும் பொது என்பதால் கிடைக்கும் சமன்பாடுகள் இவை:

9 I1 − 3 I2 = 30

−3 I1 + 6 I2 = −15

தீர்த்தால் I1 = 3, I2 = −1. இங்கேதான் பலர் தவறு செய்துவிட்டதாக நினைத்து விடையை அடித்துவிடுகிறார்கள். எதிர்க்குறி பிழையின் அடையாளம் அல்ல. வைத்துக்கொண்ட திசைக்கு எதிராக மின்னோட்டம் ஓடுகிறது என்பதே அதன் பொருள். வலப்பக்க பேட்டரியும் சுமைக்கு 1 ஆம்பியர் தருகிறது. சுமை மின்னோட்டம் I1 − I2, அதாவது 3 − (−1) = 4 ஆம்பியர்.

நோடு முறையில் வேலை இன்னும் குறைவு. மேல் புள்ளியின் மின்னழுத்தத்தை V என்று வைத்தால் ஒரே சமன்பாடு:

(V − 30)/6 + (V − 15)/3 + V/3 = 0

ஆறால் பெருக்கினால் 5V = 60; V = 12 வோல்ட். சுமை 3 ஓம் என்பதால் மின்னோட்டம் 4 ஆம்பியர். கேள்வியில் முறை குறிப்பிடப்படாவிட்டால் எதைத் தேர்வது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வளையங்களை எண்ண வேண்டும். கீழ்க்கம்பியை விட்டு மீதிச் சந்திப்புகளை எண்ண வேண்டும். எது குறைவோ அந்த முறையில் சமன்பாடுகளும் குறைவு.

ஏழாம் நாள் சோதனையில் திறன் சரிபார்ப்பையும் சேர்க்க வேண்டும். பேட்டரிகள் தருவது 30 × 3, 15 × 1 என மொத்தம் 105 வாட். தடைகளில் செலவாவது 6 ஓமில் 54, வலப்பக்க 3 ஓமில் 3, சுமையில் 48, இதுவும் 105. வரவும் செலவும் ஒத்துப்போனால் விடை சரி. தேர்வறையில் விடைத்தாளைத் திருத்துபவருக்கு முன்பே மாணவர் தன் விடையைச் சோதித்துக்கொள்ள இதைவிட நம்பகமான வழி இல்லை.

இரண்டாம் வாரம்: தேற்றங்கள்

தேற்றங்கள் புதிய விதிகள் அல்ல. நீண்ட கணக்கைக் குறுக்கும் வழிகள். முதல் நாள் சூப்பர்பொசிஷன் தேற்றம். பல மூலங்கள் உள்ள சுற்றில் ஒவ்வொரு மூலமும் தனித்துச் செயல்பட்டால் என்ன மின்னோட்டம் வரும் என்று கண்டு, அவற்றைத் திசை பார்த்துக் கூட்டினால் உண்மையான மின்னோட்டம் கிடைக்கும் என்கிறது அது. முதல் வாரம் செய்த இரண்டு சிறு கணக்குகளும் இதுதான். 30 வோல்ட் தனியாக 2 ஆம்பியர், 15 வோல்ட் தனியாக 2 ஆம்பியர். இரண்டும் ஒரே திசையில் என்பதால் 4 ஆம்பியர்.

இந்தத் தேற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைச் சிறுவினாவாகக் கேட்பதும் வழக்கம். திறனுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு மூலமும் தனித்தனியே சுமையில் 2² × 3, அதாவது 12 வாட் தருகிறது. கூட்டினால் 24 வாட். உண்மையான திறனோ 4² × 3, அதாவது 48 வாட். திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கங்களைக் கூட்டுவதும் கூட்டி வர்க்கம் எடுப்பதும் ஒன்றல்ல. மின்னோட்டத்தைக் கூட்டி முடித்த பிறகே திறனைக் கணக்கிட வேண்டும்.

அடுத்த மூன்று நாள்கள் தெவனின், நார்ட்டன் தேற்றங்களுக்கு. பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் லியோன் தெவனின் 1883இல் வெளியிட்டது முதலாவது. சுமையைத் தவிர்த்த மீதிச் சுற்று எவ்வளவு சிக்கலாக இருந்தாலும், அதை ஒரு மின்னழுத்த மூலமும் ஒரு தொடர் தடையுமாகச் சுருக்கிவிடலாம் என்பது அதன் சாரம். செய்முறையில் நான்கு படிகள். சுமையைக் கழற்ற வேண்டும். திறந்திருக்கும் முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தைக் காண வேண்டும். மூலங்களை நீக்கி அதே முனைகளிலிருந்து பார்க்கும்போது தெரியும் தடையைக் காண வேண்டும். கடைசியில் சுமையைத் திரும்ப இணைக்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட சுற்றில் சுமையைக் கழற்றியதும் இரண்டு பேட்டரிகளும் ஒரே வளையத்தில் எதிரெதிராக நிற்கின்றன. ஓடும் மின்னோட்டம் (30 − 15)/9, அதாவது 5/3 ஆம்பியர். 15 வோல்ட்டுடன் 3 ஓமில் விழும் 5 வோல்ட்டைக் கூட்டினால் தெவனின் மின்னழுத்தம் 20 வோல்ட். பேட்டரிகளைக் கம்பியால் மாற்றினால் 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பாகத் தெரியும்; தெவனின் தடை 2 ஓம். சுமையை இணைத்தால் 20/(2 + 3) = 4 ஆம்பியர்.

தவறுகள் மூன்றாவது படியில் கூடிவருகின்றன. மின்னழுத்த மூலத்தை நீக்கினால் அந்த இடம் குறுக்கிணைப்பாக வேண்டும். மின்னோட்ட மூலத்தை நீக்கினால் அந்த இடம் திறந்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் தடை முற்றிலும் வேறாகிவிடும். பேட்டரியுடன் அதன் உள்தடையையும் சேர்த்து அழித்துவிடுவது இன்னொரு பிழை. விடை நியாயமானதா என்று இங்கே கண்ணாலேயே சொல்லிவிடலாம். தெவனின் மின்னழுத்தம் 15க்கும் 30க்கும் இடையில்தான் இருக்க முடியும். தெவனின் தடை, பக்க இணைப்பில் உள்ள சிறிய தடையான 3 ஓமுக்குக் கீழேதான் வரும்.

நார்ட்டன் தேற்றம் இதன் மறுபக்கம். சுமை இருந்த முனைகளைக் குறுக்கிணைத்தால் இடப்பக்கத்திலிருந்து 5 ஆம்பியரும் வலப்பக்கத்திலிருந்து 5 ஆம்பியரும் பாயும். நார்ட்டன் மின்னோட்டம் 10 ஆம்பியர். தடை அதே 2 ஓம், ஆனால் பக்க இணைப்பில். சுமையின் பங்கு 10 × 2/5, மீண்டும் 4 ஆம்பியர். தெவனின் மின்னழுத்தத்தை நார்ட்டன் மின்னோட்டத்தால் வகுத்தால் 20/10 = 2 ஓம் வருகிறது; இதுவே இரண்டுக்கும் இடையிலான சரிபார்ப்பு. மெஷ், நோடு, சூப்பர்பொசிஷன், தெவனின், நார்ட்டன் என ஐந்து வழிகளில் ஒரே விடையைப் பார்த்த மாணவருக்குத் தேர்வில் எந்த முறை கேட்கப்பட்டாலும் வேறொரு முறையால் ஓரத்தில் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

ஐந்தாம் நாள் பெருமத் திறன் மாற்றுத் தேற்றம். சுமைத் தடை தெவனின் தடைக்குச் சமமாகும்போது சுமைக்குப் போகும் திறன் உச்சமடையும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்குப் பதில் சுமையை மாற்றிமாற்றிக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 1 ஓமில் 44.4 வாட், 2 ஓமில் 50 வாட், 3 ஓமில் 48 வாட், 4 ஓமில் மறுபடியும் 44.4 வாட். உச்சம் 2 ஓமில் விழுகிறது; V²/4R என்ற சூத்திரமும் 400/8 = 50 என்றே தருகிறது. இந்தத் தேற்றம் சுமையை மாற்றும்போதுதான் பொருந்தும். சுமை நிலையாக இருந்து மூலத்தின் தடையை மாற்ற முடிந்தால், அந்தத் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஆறாம் நாள் ஸ்டார், டெல்டா மாற்றத்துக்கு. மூன்று சமத் தடைகள் டெல்டாவில் இருந்தால் அவற்றுக்குச் சமமான ஸ்டாரின் ஒவ்வொரு தடையும் மூன்றில் ஒரு பங்கு என்பதை இங்கே உறுதியாக்கிக்கொண்டால் நான்காம் வாரத்தில் அது கைகொடுக்கும். ஏழாம் நாள் சோதனையில் சமநிலையில் இல்லாத ஒரு வீட்ஸ்டன் பாலச் சுற்றை எடுத்துக்கொள்வது பொருத்தம். அதைத் தொடர், பக்க இணைப்புகளாக மட்டும் சுருக்க முடியாது என்பதால் இந்த மாற்றம் ஏன் தேவைப்படுகிறது என்பது அங்கே விளங்கிவிடும்.

மூன்றாம் வாரம்: மாறுதிசைச் சுற்றுகள்

இந்த வாரத்தில் பாடம் ஒரு படி ஏறுகிறது. விதிகள் மாறுவதில்லை, எண்கள் மாறுகின்றன. சுருளில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுழற்சி பின்தங்குகிறது. மின்தேக்கியில் கால் சுழற்சி முந்துகிறது. ஆகவே அளவை மட்டும் சொன்னால் போதாது, கோணத்தையும் சொல்ல வேண்டும். அளவும் கோணமும் சேர்ந்த இந்தக் குறியீட்டுக்கு ஃபேசர் என்று பெயர். கலப்பெண்களைக் கொண்டு மாறுதிசைச் சுற்றுகளைத் தீர்க்கும் முறையை 1893இல் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் பரப்பினார். அதன் பிறகு இரண்டு வாரம் படித்த அதே மெஷ், நோடு, தெவனின் எல்லாம் மாறுதிசைக்கும் அப்படியே பொருந்தலாயின.

முதல் நாள் முழுவதையும் கலப்பெண் கணக்குக்கே கொடுக்க வேண்டும். கூட்டவும் கழிக்கவும் a + jb வடிவம். பெருக்கவும் வகுக்கவும் அளவு, கோண வடிவம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கால்குலேட்டரில் மாற்றும் பழக்கம் விரல்நுனிக்கு வர வேண்டும். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். எளிய சோதனை: sin 30 என்று தட்டினால் 0.5 வர வேண்டும். வேறு எண் வந்தால் கருவி பாகையில் இல்லை.

இரண்டாம், மூன்றாம் நாள்களில் தொடர்ச் சுற்றுகள். 200 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மூலத்துடன் 30 ஓம் தடை, 80 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள சுருள், 40 ஓம் ரியாக்டன்ஸ் உள்ள மின்தேக்கி ஆகியவை தொடராக இருப்பதாகக் கொள்ளலாம். சுருளும் மின்தேக்கியும் எதிரெதிர் என்பதால் மிஞ்சுவது 40 ஓம். மொத்த இம்பீடன்ஸ் 30 + j40. அதன் அளவு 50 ஓம். மின்னோட்டம் 200/50 = 4 ஆம்பியர். இதைக் கலப்பெண்ணாக எழுதினால் 2.4 − j3.2. மின்னழுத்தங்களைப் பார்த்தால் தடையில் 120, சுருளில் 320, மின்தேக்கியில் 160 வோல்ட். மூலமே 200 வோல்ட்தான் தரும்போது சுருளில் 320 எப்படி வந்தது என்று மாணவர் திகைப்பது இயல்பு. சுருளின் மின்னழுத்தமும் மின்தேக்கியின் மின்னழுத்தமும் எந்தக் கணத்திலும் எதிர்த்திசையில் நிற்பதால் 160 கழிந்துபோகிறது. மீதி 160ஐயும் தடையின் 120ஐயும் செங்கோணமாக வைத்துக் கூட்டினால் சரியாக 200. மாறுதிசையில் மூன்று வோல்ட்மீட்டர் அளவுகளை நேராகக் கூட்டுவது செல்லாது என்பதற்கு இந்தச் சுற்றே சான்று.

நான்காம் நாள் பக்க இணைப்பும் திறனும். மேற்சொன்ன கிளைக்குப் பக்கத்தில் 50 ஓம் தடை ஒன்றை இணைத்தால் அதிலும் 4 ஆம்பியர் ஓடும். மூலத்திலிருந்து வருவது 8 ஆம்பியர் அல்ல. 4 + 2.4 − j3.2 = 6.4 − j3.2, அளவு ஏறக்குறைய 7.16 ஆம்பியர். திறனுக்கு மறுபடியும் தொடர்ச் சுற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் மூன்று எண்கள் வரும். 200 × 4 = 800 வோல்ட்-ஆம்பியர் தோற்றத் திறன். உண்மையில் வெப்பமாகச் செலவாவது 4² × 30 = 480 வாட். சுருளுக்கும் மின்தேக்கிக்கும் மூலத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பது 640 வார். 480ஐ 800ஆல் வகுத்தால் 0.6 என்ற பவர் ஃபேக்டர். மின்னோட்டம் பின்தங்குவதால் 'பின்தங்கும்' என்ற சொல்லையும் சேர்த்து எழுத வேண்டும். அது இல்லாத விடை முழுமையாகாது.

ஐந்தாம், ஆறாம் நாள்கள் ஒத்ததிர்வுக்கு. அதிர்வெண்ணைக் குறைத்தால் சுருளின் ரியாக்டன்ஸ் குறையும், மின்தேக்கியின் ரியாக்டன்ஸ் கூடும். இரண்டும் சமமாகும் அதிர்வெண்ணில் ஒன்றையொன்று முற்றிலும் அழித்து, தடை மட்டும் மிஞ்சும். அதே சுற்றில் அது 50 × √(40/80), அதாவது 35.4 ஹெர்ட்ஸ். அப்போது மின்னோட்டம் 200/30 = 6.67 ஆம்பியர். அந்த நிலையில் சுருளின் ரியாக்டன்ஸ் 56.6 ஓம், அதைத் தடையால் வகுத்தால் Q எனப்படும் தரக்காரணி 1.89. ஒத்ததிர்வு அதிர்வெண்ணை Qவால் வகுத்தால் பட்டை அகலம் 18.75 ஹெர்ட்ஸ். தொடர்ச் சுற்றில் ஒத்ததிர்வின்போது மின்னோட்டம் உச்சம். பக்கச் சுற்றில் அது தாழ்வு. இரண்டையும் மாற்றி எழுதிவிடாமல் இருக்க, இரண்டு வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் அருகருகே வரைந்து பழகுவது உதவும்.

நான்காம் வாரம்: மும்முனையும் முழுத் தேர்வும்

மும்முனைச் சுற்று என்பது ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி நிற்கும் மூன்று ஒருமுனைச் சுற்றுகள். சமநிலையில் இருந்தால் ஒன்றைத் தீர்த்தாலே மூன்றும் தீர்ந்துவிடும். முதல் இரண்டு நாள்களில் கவனிக்க வேண்டியது √3 எங்கே வருகிறது என்பதை மட்டுமே. ஸ்டாரில் கம்பி மின்னோட்டமும் கிளை மின்னோட்டமும் ஒன்று. மின்னழுத்தம் √3 மடங்கு மாறும். டெல்டாவில் மின்னழுத்தம் ஒன்று. மின்னோட்டம் √3 மடங்கு மாறும். சமநிலையில் திறன் இரண்டிலும் √3 × கம்பி மின்னழுத்தம் × கம்பி மின்னோட்டம் × பவர் ஃபேக்டர். கேள்வியில் வெறும் '400 வோல்ட், மும்முனை' என்று இருந்தால் அது கம்பி மின்னழுத்தம்தான்.

கிளைக்கு 30 + j40 ஓம் கொண்ட சுமையை 400 வோல்ட்டில் ஸ்டாராக இணைத்தால் கிளை மின்னழுத்தம் 231 வோல்ட், மின்னோட்டம் 4.62 ஆம்பியர், மொத்தத் திறன் 1920 வாட். அதே சுமையை டெல்டாவாக இணைத்தால் கிளைக்கு 8 ஆம்பியர், கம்பியில் 13.86 ஆம்பியர், மொத்தத் திறன் 5760 வாட். சரியாக மூன்று மடங்கு. டெல்டாவை மூன்றில் ஒரு பங்கு இம்பீடன்ஸ் உள்ள ஸ்டாராக நினைத்துப் பார்த்தால் காரணம் தெரியும். இரண்டாம் வாரத்து மாற்றம் இங்கே உதவுகிறது. விடையில் இந்த மூன்று மடங்கு வராவிட்டால் √3ஐ எங்கோ தவறான இடத்தில் பெருக்கியிருக்கிறோம் என்று பொருள்.

மூன்றாம், நான்காம் நாள்கள் இரு வாட்மீட்டர் முறைக்கு. மூன்று கம்பிச் சுமையின் திறனை அளக்க இரண்டு வாட்மீட்டர்கள் போதும். இரண்டின் கூட்டுத்தொகையே மொத்தத் திறன். மேற்சொன்ன ஸ்டார் சுமைக்கு ஒன்று 1699 வாட்டும் மற்றொன்று 221 வாட்டும் காட்டும், கூட்டினால் 1920. சமநிலைச் சுமையில் இந்த அளவுகளிலிருந்தே பவர் ஃபேக்டரையும் காணலாம்:

tan φ = √3 (W1 − W2) / (W1 + W2)

எண்களை இட்டால் 1.333, φ 53.1 பாகை, பவர் ஃபேக்டர் 0.6. பவர் ஃபேக்டர் 0.5க்கு வந்தால் ஒரு வாட்மீட்டர் சுழி காட்டும். அதற்கும் கீழே போனால் அதன் முள் பின்னோக்கி விலகும். அப்போது அதன் சுருள் இணைப்பை மாற்றி அளவெடுத்து, அந்த அளவை எதிர்க்குறியுடன் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த எதிர்க்குறியை மறப்பதால் திறன், பவர் ஃபேக்டர் இரண்டும் தவறாகிவிடும்.

கடைசி மூன்று நாள்களில் புதிய பாடம் எதுவும் இல்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் ஒன்றை நாளுக்கு ஒன்றாக, தேர்வுக்குரிய முழு நேரமும் உட்கார்ந்து எழுத வேண்டும். திருத்தும்போது மதிப்பெண்ணை மட்டும் கூட்டாமல் பிழைகளை வகைப்படுத்துவது பலன் தரும். குறிப் பிழையா, மூலத்தை நீக்கியதில் பிழையா, கோண வடிவ மாற்றத்தில் பிழையா, √3இல் பிழையா என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அது எந்த வாரத்துக்கு உரியதோ அந்த வாரத்தின் கணக்குகளை மட்டும் மறுநாள் காலையில் திருப்பிவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம்.

விடைத்தாளில் ஒவ்வொரு கணக்கும் மீள வரைந்த சுற்றுப் படத்துடன் தொடங்க வேண்டும். தெவனின் கணக்கு என்றால் சுமையைக் கழற்றிய படம், மூலங்களை நீக்கிய படம், இறுதிச் சமானப் படம் என மூன்றும் வேண்டும். மின்னோட்டத் திசைகளும் அலகுகளும் படத்திலேயே இருக்க வேண்டும். படிப்படியாக மதிப்பெண் தரும் தாளில், இறுதி எண் தவறிப்போனாலும் சரியாக வரைந்த படமும் சரியாக அமைத்த சமன்பாடும் தமக்குரிய மதிப்பெண்ணைப் பெற்றுவிடும்.

நான்கு வாரமும் கிடைக்காத மாணவர் கடைசி வாரத்துத் தலைப்புகளைச் சுருக்கிக்கொள்ளலாம். முதல் வாரத்தை மட்டும் சுருக்கக் கூடாது. மும்முனைக் கணக்கில் விழும் பிழையைத் தோண்டிப் பார்த்தாலும் அது பல நேரங்களில் முதல் வாரத்துக் கூட்டல், கழித்தல் குறியில்தான் போய் முடிகிறது.